பதில் எழுத வேண்டாம்

அக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட வராது, சிலருக்கு நீந்த வராது. அவருக்கு மன்னிக்க வராது, அவ்வளவுதான்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீன்பிடிப் படகுகள் கட்டுகிற இறங்குதுறைக்குச் சற்று முன்னால் ஒரு ஐஸ் கம்பனி இருக்கிறது. படகுகள் கடலுக்குப் போவதற்கு முன் அங்கே வந்துதான் ஐஸ் ஏற்றும். முன்பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சன்னல். கம்பனியில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவர் அதற்கு உள்ளே கதிரை போட்டு இருப்பார். எத்தனை ஐஸ் பார் வேண்டும் என்று படகுக்காரர் சொல்ல, அக்கா துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். துண்டைப் பின்பக்கம் கொண்டுபோனால்தான் அங்கிருப்பவர்கள் ஐஸ் பாரை இழுத்து, இயந்திரத்தில் போட்டு நொறுக்கிக் கொடுப்பார்கள். யாருக்கு முதல் துண்டு, யாருக்குக் கடைசித் துண்டு என்பது அக்காவின் கையில். நான் அவருக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தேன்.

ஒருமுறை பெரிய படகுக்காரர் ஒருவர் சன்னல் கம்பியில் திறப்புக் கொத்தால் தட்டி, "ஏய், கெதியா எழுது" என்றார். அக்கா நிமிர்ந்து அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். துண்டை எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து அந்த மனிதருக்கு எப்போதும் கடைசித் துண்டுதான். எவ்வளவு நேரத்தோடு வந்தாலும் கடைசி. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி மஸ்கற் அல்வா வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா நன்றி சொல்லி வாங்கினார், பின்னால் வேலை செய்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், அன்றைக்கும் அவரைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்.

ஐஸில் ஒரு துளி குறைக்க மாட்டார். விலையில் கைவைக்க மாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். வரிசை மட்டும்தான்.

தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒரு மழை நாளில் கைகாட்டியும் நிறுத்தாமல் போன பஸ் ஒன்று இருந்தது. அதன் கொண்டக்டர் பிறகு அவரைக் கண்டாலே மணியடித்து நிறுத்துவான். "ஏறுங்கோ அக்கா, இடம் இருக்கு" என்பான். அக்கா வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த பஸ் வேண்டாம் என்பதற்காகவே முந்தைய பஸ்ஸைப் பிடிக்கத் தினமும் நேரத்தோடு எழும்பினார். நித்திரை கெட்டது அவருக்குத்தான். அதை அவர் நட்டமாக நினைக்கவில்லை.

"இப்பிடி எல்லாத்தையும் மனசில வைச்சிருந்தா உங்களுக்குப் பாரமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இறக்கி வைச்சா அவையளுக்கெல்லோ லேசாயிடும்" என்றார்.

நான் கர்ப்பமானதை முதலில் ஊருக்குச் சொன்னது என் மச்சாள், கணவரின் அக்கா. அன்புவழிபுரத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவருடைய முகநூல் நண்பர்கள், ஐஸ் எடுக்க வரும் படகுக்காரர்கள் உட்பட. நாங்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்வோம் என்றிருந்தோம். அவர் எங்கேயோ எடுத்த குட்டிச் சப்பாத்துப் படமொன்றைப் போட்டு, "நான் மாமியாகப் போறன்" என்று எழுதி, எங்கள் இருவர் பெயரையும் இணைத்துவிட்டார். வாழ்த்துகள் வந்து குவிந்தன.

பிறகு ஒரு காலையில், கம்பனிக்கு வெளிக்கிடும்போது உடுப்பில் மண்ணிறக் கறை கண்டேன். மத்தியானம் அது சிவப்பாயிற்று. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்த டொக்டர் கருவியை வயிற்றில் இரண்டு மூன்று தரம் நகர்த்திப் பார்த்தார். எனக்குத் தெரியாதபடி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. வளர்ச்சி ஒன்பது கிழமையோடு நின்றிருக்கிறது, துடிப்பு இல்லை என்றார். வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்து மருந்து வைத்தார்கள். வயிற்றைப் பிடித்துப் பிழிகிற வலி. அதன் பிறகு நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு விடும்போது அந்த டொக்டர் கட்டிலடிக்கு வந்து, "நீங்கள் செய்த ஒண்டாலயும் இது வரேல்லை. வேலைக்குப் போனதாலயும் இல்லை, படி ஏறினதாலயும் இல்லை. இதை நல்லா ஞாபகம் வைச்சிருங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்தும் இரத்தம் நிற்கவில்லை, இரண்டு கிழமைக்கு மேல் போனது. மார்பு மட்டும் பிள்ளை இருக்கிற மாதிரியே கனத்து நொந்தது. பிள்ளை போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை போல. மச்சாளின் சப்பாத்துப் படத்துக்குக் கீழே அப்போதும் ஆட்கள் வந்து, "இப்ப எத்தினையாம் மாசம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல என்னால் ஏலாது. ஒரே தரமாகச் சொல்லி முடிப்போம் என்று என் பக்கத்தில் எழுதினேன்.

"எங்கள் பிள்ளை எங்களோடு இல்லை. கருவிலேயே போய்விட்டது. வாழ்த்துச் சொன்னவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தயவுசெய்து ஒன்றும் கேட்க வேண்டாம்."

பின்னூட்டங்கள் வந்தன. கடவுள் ஒன்றை எடுத்தால் இரண்டாகத் தருவார் என்றார்கள். அடுத்த வருடம் இதே நேரம் இரட்டைப் பிள்ளையோடு இருப்பாய் என்று ஒருத்தி எழுதினாள். என்ன சாப்பிட்டனீங்கள், அன்னாசி சாப்பிட்டனீங்களோ என்று கேட்டவளும் உண்டு. ஒன்பது கிழமைதானே, அது இன்னும் பிள்ளையே இல்லை, மனதைத் தேற்றிக்கொள் என்றார் எனக்குப் படிப்பித்த ரீச்சர்.

மச்சாள் நீளமாக எழுதியிருந்தார். "எல்லாம் நன்மைக்கே தங்கச்சி. பழுதான பிள்ளை பிறந்து காலம் முழுக்கக் கஷ்டப்படுறதிலும் இது மேல். உனக்கு இன்னும் வயசிருக்கு. ஐஸுக்குள்ளயும் குளிருக்குள்ளயும் வேலை செய்யாமல் வீட்டில இருந்திருந்தா இது வந்திராது. இனியாவது யோசி." கடைசியில் கைகூப்புகிற படங்கள்.

அதற்கு லைக் விழுந்துகொண்டே இருந்தது. லைக் கூடக் கூட அது மேலே ஏறி, என் பதிவைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும் என்றாகிவிட்டது. என் பிள்ளையின் சாவுக்குக் கீழே, என்னைக் குற்றவாளியாக்கும் வரி. அழித்திருக்கலாம், பதிவு என்னுடையதுதான். ஆனால் அழித்தால் கணவரின் வீட்டில் யுத்தம் தொடங்கும்.

"என்ர அக்கா அன்பிலதான் எழுதினவா. விடுமன்" என்றார் கணவர்.

அன்று பின்னேரம் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து, போனில் பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு கீழே போனேன். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு லைக்கும் இல்லாமல், ஐஸ் கம்பனி அக்காவின் பின்னூட்டம் இருந்தது.

"தங்கச்சி, உன்ர பிள்ளை போனது எனக்குப் பெரிய கவலை. பதில் எழுத வேண்டாம். நான் இருக்கிறன்."

அவ்வளவுதான். ஏன் என்று இல்லை. அடுத்தது என்று இல்லை. அத்தனை பேருக்குள் 'உன்ர பிள்ளை' என்று எழுதியது அவர் ஒருவர்தான். நான் அழுதேன். அதுவரைக்கும் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி எழுதவே எனக்கு நேரம் போயிருந்தது.

வேலைக்குத் திரும்பிய நாள் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. என் கதிரையில் ஒரு மெத்தை போட்டிருந்தார். பேரேடுகள் அடுக்கியிருந்த உயரத் தட்டிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் மேசைக்கு வந்திருந்தது. மத்தியானம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சன்னலுக்குப் போய்விட்டார். நான்தான் கதையைத் தொடங்கினேன்.

"நீங்கள் எழுதினதை வாசிச்சனான் அக்கா."

"ம்."

"எப்பிடி அப்பிடி எழுத வந்தது?"

"முதல்ல கனக்க எழுதினனான்" என்றார். "கடவுளை எழுதி அழிச்சன். அவர் செய்ததுக்கு நானேன் சாட்சி சொல்லோணும்? அடுத்த பிள்ளையை எழுதி அழிச்சன். நீ இந்தப் பிள்ளைக்கெல்லோ அழுறாய். எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டு அதையும் அழிச்சன், கேட்டா நீ மறுமொழி சொல்லோணும். அழிச்சு அழிச்சு மிஞ்சினது அவ்வளவுதான்." ஒரு ஆளுக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, "உன்ர மச்சாளுக்குக் கீழயும் ஒண்டு எழுதினனான். அதையும் அழிச்சிட்டன்" என்றார்.

"அதேன் அழிச்சனீங்கள்?"

"செத்த வீட்டில நிண்டு சண்டை பிடிக்கிறதோ? அதுக்கு வேற இடம் இருக்கு."

அந்த வேற இடம் எதுவென்று மறுநாள் விளங்கியது. சன்னலில் வரிசை மாறியிருந்தது. வழமையாக முதலில் துண்டு வாங்குகிற, கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் படகுக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் நல்ல மனிதர், வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஐஸ் ஏற்றிப் போனார்கள். கடைசியில் அவர் கம்பியண்டை வந்து கேட்டார்.

"என்னம்மா, நான் என்ன செஞ்ச? ஏன் என்ன விட்டுட்டு விட்டுட்டுக் கூப்புடுறீங்க?"

"லைக் போட்டனீங்கள்."

"என்ன லைக்?"

அக்கா தன் போனைத் திறந்து கம்பிக்கூடாகக் காட்டினார். மச்சாளின் பின்னூட்டம். அதற்கு லைக் போட்டவர்களின் பெயர் வரிசை. நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்போதுதான் அதை முழுக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் சுருங்கியது. கண்ணாடித் தடுப்புக்குள்ளே என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

"அல்லாவே. நான் வாசிக்கல்லம்மா. நீளமா இருந்திச்சி, கும்பிடுற கையும் இருந்திச்சி, நல்லதுதான் எழுதி இருக்காக்கும் எண்டு அமத்திட்டன்."

"இப்ப எடுங்கோ."

அவர் போனை எடுத்தார். விரல் ஈரம். இரண்டு மூன்று தரம் தடவி, லைக்கை எடுத்துவிட்டுத் திருப்பிக் காட்டினார். அக்கா துண்டுப் புத்தகத்தை இழுத்தார். அவர் போகவில்லை.

"அப்ப என்னத்த எழுதுற? எனக்கு இதுகள் எழுதத் தெரியாதே."

"கவலை எண்டு எழுதுங்கோ."

"பொறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. அதோட நிப்பாட்டுங்கோ."

நானா கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுத்தெழுத்தாக அமத்தினார். என் மேசையில் போன் ஒருதரம் அதிர்ந்தது. "கவலை புள்ள." அக்கா அவருக்கு அன்றைய அடுத்த துண்டை எழுதிக் கொடுத்தார்.

கதை இறங்குதுறை முழுக்கப் பரவியது. லைக் போட்டவர்கள் சன்னலுக்கு வந்ததும் வராததுமாகப் போனை நீட்டத் தொடங்கினார்கள். "எடுத்திட்டன் பிள்ளை, பாருங்கோ" என்று காட்டிவிட்டுத்தான் எத்தனை பார் என்று சொல்வார்கள். மஸ்கற் பெட்டிக்காரரும் காட்டினார். அவருக்கு மட்டும் பலன் இல்லை, அது வேறு கணக்கு. என் பதிவுக்குக் கீழே புதிதாக வந்துகொண்டிருந்தன: "கவலை." "கவலை மகள்." "பெரிய கவலை." ஒருவர் கை தவறிச் சுறா மீன் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ள, மச்சாளின் நீளப் பின்னூட்டம் படிப்படியாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு நாளும் அது எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்ப்பது எனக்கு வேலையாயிற்று. தேடுவதற்குக் கனதூரம் தள்ள வேண்டிவந்த நாளில் எனக்கு நன்றாகப் பசித்தது. கன நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

எனக்கு அது போதும் போலிருந்தது. அக்காவுக்குப் போதவில்லை.

மச்சாளின் மகள் பெரியபிள்ளையானாள். மண்டபம் எடுத்து, பெரிதாகச் சாமத்திய வீடு செய்தார்கள். விழாவுக்கு முதல் நாள் பகல் முழுக்க ஊரில் கரண்ட் இல்லை. கடைகளில் குளிர்பானமெல்லாம் கொதித்துக் கிடந்தது. ஐஸ் தேடி எல்லா இடமும் அலைந்துவிட்டு, பின்னேரம் மச்சாள் எங்கள் சன்னலுக்கு வந்தார். முகத்தில் வியர்வை வழிந்து மை கரைந்திருந்தது. எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது.

"பத்துப் பார் வேணும். நாளைக்கு மகளின்ர சாமத்திய வீடு."

அக்கா அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். முகநூல் படத்தில் பார்த்த முகம்தான்.

"ஐஸ் இருக்கு. உங்களுக்குத் தர ஏலாது."

"ஏன்? காசு இப்பவே தாறன்."

"எல்லாம் நன்மைக்கே" என்றார் அக்கா, மிக அன்பாக. "குளிராக் குடிச்சுச் சனத்துக்குச் சளி பிடிச்சுக் கஷ்டப்படுறதிலும் இது மேல்."

மச்சாளுக்கு விளங்கவில்லை. "முந்நூறு பேருக்குச் சொல்லியிருக்கு அம்மா. மானம் போயிடும்."

"ஒரு விழாதானே. உங்களுக்கு இன்னும் வயசிருக்கு, இன்னும் எத்தினை விழா வரும். நீங்களும் உப்பிடி வெயிலுக்க அலைஞ்சு திரியாமல் வீட்டில இருந்திருந்தா இது வந்திராது. இனியாவது யோசியுங்கோ."

மச்சாள் காசெடுக்கத் திறந்த கைப்பையை மூடினார். தன்னுடைய சொற்கள் தன்னிடமே வந்து சேர்ந்ததை அவர் அப்போதுதான் கண்டுகொண்டார்.

"என்ன, பகிடி விடுறீங்களோ?"

"பகிடி இல்லை. ஆறுதல் சொல்லுறன்."

மச்சாள் கம்பிக்கூடாக என்னைத் தேடினார். கண்ணாடிக்குப் பின்னால் நான் இருந்தேன். நான் எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐஸ் கிடைத்திருக்கும். அவர் பார்வையை நேரே வாங்கிக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். என் வாய்க்குள் கற்கண்டு கரைவது போல இருந்தது.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் கேட்காத மாதிரித் தணிந்த குரலில் தொடங்கினார். ஆனால் கேட்டது.

"எனக்கும் ஒண்டு போனது. மகளுக்கு முதல். அப்ப என்ர மாமி எனக்குச் சொன்னது இதுதான். பழுதான பிள்ளை, போனது நல்லம் எண்டு. வேற ஒருத்தரும் வேற ஒண்டும் சொல்லேல்லை. நான் வேற என்னத்தைச் சொல்ல?"

பின்னால் இயந்திரம் ஐஸை நொறுக்குகிற சத்தம். அக்கா பேனையைக் கீழே வைத்தார்.

"உங்கட பிள்ளை போனது கவலை" என்றார்.

மச்சாள் அழுதார். மை கன்னத்தில் இறங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்து, மூக்கை உறிஞ்சினார். பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு கேட்டார்.

"அப்ப ஐஸ்?"

"இல்லை" என்றார் அக்கா. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் விழாவுக்கு நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். சனம் பிளாஸ்ரிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தது. இளஞ்சூட்டில் இருந்த தோடம்பழப் பானத்தை நான் ரசித்து இரண்டு கப் குடித்தேன். கணவர் என்னைப் பார்த்து, "ஐஸ் குடுக்காதது உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் தன் கப்பில் ஒரு மிடறு குடித்தார். அன்று காலையே மச்சாளின் பின்னூட்டம் என் பதிவிலிருந்து இல்லாமல் போயிருந்தது. அவரே அழித்திருந்தார்.

அதோடு முடியவில்லை. மச்சாளின் கணவர் எங்கள் முதலாளிக்குப் போன் எடுத்துவிட்டார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். அவருடைய அறைக் கதவு திறந்தே இருந்தது, எனக்குக் கேட்டது.

"வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு ஆர் சொன்னது? அவையின்ர வீட்ட போய் மன்னிப்புக் கேளுங்கோ. முடிஞ்சுது பிரச்சினை."

"நான் கேட்டா அது பொய்யாயிருக்கும்."

"கேளாட்டி இந்தச் சன்னலில இருக்க ஏலாது."

"ஓம்" என்றார் அக்கா. போய்த் தன் குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்தார். நான் எழும்பி வாசல் வரை போனேன். எனக்காகத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உனக்காக இல்லை" என்றார். "எனக்கு ஆத்திரம். நீ போய் வேலையைப் பார்."

அவருக்கும் எப்போதோ ஒரு பிள்ளை போயிருக்க வேண்டும், அதுதான் இந்த ஆத்திரம் என்று கம்பனியில் கதைத்தார்கள். இருக்கலாம். நான் கேட்டதில்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்காதவர்.

இப்போது அவர் தம்பலகாமத்தில் ஒரு நெல் ஆலையில் இருக்கிறார். உழவு இயந்திரங்களில் நெல் மூட்டை வரும், அக்கா வரிசைப்படி கூப்பிடுவார். அங்கேயும் யாரோ ஒரு மனிதர் எப்போதும் கடைசியில் நிற்கிறாராம். மாதத்தில் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன். தேத்தண்ணி குடிப்போம், கதைப்போம், சில நேரம் கதைக்காமலும் இருப்போம்.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் மச்சாள் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். மரியாதைக்குச் சிரித்தேன். வளையலைச் சுழற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஐஸ் கம்பனி மனிசி இப்ப எங்க?"

"ஏன்?"

"ஒண்டுமில்லை." குனிந்து மடியைப் பார்த்தார். "அண்டைக்கு அவ சொன்ன மாதிரி எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. ஒருக்காப் போய்ப் பார்க்கலாம் எண்டு நினைச்சனான்."

ஆலையின் பெயர் என் நாக்கில் இருந்தது. அக்காவின் நம்பர் கைப்பைக்குள் போனில் இருந்தது. மச்சாளின் கண் கலங்கியிருந்ததையும் நான் கண்டேன்.

"தெரியாது" என்றேன்.